இரண்டு சீட்டுக்கட்டு, இரண்டு பேர், முக்கால் மணி நேரம்: 'லாஸ்ட் சிட்டீஸ்' ஆடத் தொடங்க முழு வழிகாட்டி

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு உளுந்து ஊறப்போட்ட பிறகு எங்கள் வீட்டில் மிஞ்சுவது முக்கால் மணி நேரம்தான். நாங்கள் முதன்முதலில் வாங்கிய போர்டு கேம் பெட்டியில் விதிப் புத்தகமே தடிமனாக இருந்தது. நான் சத்தமாகப் படிக்கப் படிக்க, ஐந்தாம் பக்கத்தில் என் வீட்டுக்காரர் குறட்டை விட்டார். அந்தப் பெட்டி இன்றும் பரணில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பல ஆட்டங்களை முயன்று பார்த்தோம். தம்பி வீட்டிலும் கீழ் வீட்டிலும் பலமுறை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் நான் இப்போது முதலில் எடுப்பது 'லாஸ்ட் சிட்டீஸ்'. ரைனர் க்னிட்ஸியா வடிவமைத்து 1999-ல் வெளிவந்த, இருவருக்கான ஆட்டம். இதைப் பெட்டியாக வாங்காமலே, ரம்மி ஆடும் சீட்டுக்கட்டு இரண்டை வைத்து வீட்டிலேயே ஆடலாம். இந்த வழிகாட்டி அந்த ஒரே ஆட்டத்தைப் பற்றியது.

## 1. ஏன் செஸ் வேண்டாம், ஏன் இது

ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்பேன். ஒருவரின் முறை வந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? மேசையில் பரப்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகுமா? இருவரில் ஒருவர் கைதேர்ந்தவராக இருந்தாலும் மற்றவர் ஜெயிக்க வழி உண்டா?

செஸ் மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடும். ஒருவருக்குப் பள்ளிக்கால அனுபவம் இருந்து மற்றவருக்கு இல்லையென்றால், நான்காம் நாள் அந்தப் பலகையை யாரும் தொடமாட்டார்கள். லாஸ்ட் சிட்டீஸில் சீட்டு விழுவதில் அதிர்ஷ்டம் இருக்கிறது. அதை எப்போது இறக்குவது என்பதில் யோசனை இருக்கிறது. புதியவர் முதல் நாளே ஜெயிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கான பதிலும் எளிது: ஒரு சீட்டைப் போடு, ஒரு சீட்டை எடு. முழு ஆட்டமும் இந்த இரண்டு செயல்தான்.

## 2. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

பின்பக்கம் ஒரே மாதிரி உள்ள இரண்டு சீட்டுக்கட்டு வேண்டும். பின்பக்கம் வேறாக இருந்தால் அடுத்து வரப்போகும் சீட்டு எந்தக் கட்டைச் சேர்ந்தது என்பது எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். பழைய கட்டோடு புதிய கட்டைச் சேர்ப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். முனை மடிந்த சீட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் கட்டிலிருந்து ஜோக்கர்களை நீக்குங்கள். நான்கு ஏஸ்களைத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சம் 48 சீட்டு: ஒவ்வொரு ஜாதியிலும் 2 முதல் 10 வரை ஒன்பது, கூடவே ஜாக்கி, ராணி, ராஜா.

இரண்டாவது கட்டிலிருந்து ஆர்ட்டின் 13 சீட்டையும் மட்டும் எடுங்கள். அவற்றின் முகப்பக்கத்தில், எண் இருக்கும் இரண்டு மூலைகளிலும் பச்சை பெர்மனென்ட் மார்க்கரால் பட்டையாக ஒரு குறி போடுங்கள். இனி இது ஆர்ட்டின் இல்லை. 'பச்சை' என்ற ஐந்தாவது ஜாதி. இதன் ஏஸும் தனியே போக, 12 சீட்டு சேர்ந்து மொத்தம் 60 ஆகிவிடும். எண்ணிப் பாருங்கள்.

சாதாரண ஸ்கெட்ச் பேனா பளபளப்பான சீட்டில் காயாது. விரலில் ஒட்டி அடுத்த சீட்டிலும் பச்சை ஏறும். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பின்பக்கம் தடம் விழும். ஒரு மூலையில் மட்டும் குறி போட்டாலும் தவறுதான், ஏனென்றால் கையில் விசிறி போல் பிடிக்கும்போது தெரிவது ஒரு மூலை மட்டுமே. சீட்டு தலைகீழாக வந்தால் பச்சை மறைந்து ஆர்ட்டினாகத் தோன்றும்.

கணக்கு எழுத ஒரு பேனாவும், கிழித்த தினசரி காலண்டர் தாள் ஒன்றும் போதும்.

கடைப்பெட்டி வாங்கியவர்களுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. சில பதிப்புகளில் ஆறாவது நிறம் ஒன்றும் கூட வரும். அதை முதல் மாதம் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

## 3. முந்தைய நாள்: ஒருவர் மட்டும் தனியாக ஆடிப் பார்ப்பது

சொல்லிக்கொடுக்கப் போகிறவர், ஒரு நாள் முன்னதாகவே, இரண்டு கையையும் தானே பிடித்து ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும். சீட்டைத் திறந்தே வைத்து ஆடலாம். பத்து நிமிட வேலைதான்.

இதைத் தவிர்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து விதியைப் படிக்கும்போது, ஒவ்வொரு வரிக்கும் "அப்படின்னா என்ன?" என்ற கேள்வி எழும், பதில் இருவருக்குமே தெரியாது. தம்பி வீட்டில் அப்படித்தான் நடந்தது. பெருக்கல் முதலிலா கழித்தல் முதலிலா என்ற வாக்குவாதத்தில் ஒன்பதரை மணி ஆகிவிட்டது. ஒரு சீட்டுக்கூட விழவில்லை.

## 4. மேசையை அமைப்பது

இருவரும் எதிரெதிரே உட்காருங்கள். பாயிலும் ஆடலாம், கட்டிலில் வேண்டாம். யாராவது காலை நீட்டினால் வரிசை கலைந்துவிடும்.

தனியே எடுத்து வைத்த ஐந்து ஏஸ்களை இருவருக்கும் நடுவே ஒரே வரிசையில் வையுங்கள். ஸ்பேடு, ஆர்ட்டின், கிளாவர், டைமன், பச்சை என்று கருப்பும் சிவப்பும் மாறி மாறி வரட்டும். ஸ்பேடும் கிளாவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மங்கிய வெளிச்சத்தில் சீட்டு இடம் மாறி விழும். இந்த ஏஸ்கள் ஆடும் சீட்டுகள் அல்ல. இவைதான் நம் பலகை.

ஒவ்வொரு ஏஸுக்கும் உங்கள் பக்கம் ஒரு வரிசை உங்களை நோக்கி நீளும். எதிரில் இருப்பவருக்கு அவர் பக்கம் நீளும். ஏஸின் மேல் விழுவது வேண்டாத சீட்டு.

முதல் ஆட்டத்துக்கு ஜாக்கி, ராணி, ராஜா 15 சீட்டையும் ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் 45. நன்றாகக் கலைத்து ஆளுக்கு 8 சீட்டு போட்டு, மீதி 29 சீட்டைக் கவிழ்த்து ஓரமாக வையுங்கள்.

## 5. எந்த வரிசையில் சொல்லிக் கொடுப்பது

இங்கே வரிசை முக்கியம். நான் நான்கே விஷயம், இதே ஒழுங்கில் சொல்வேன்.

முதலில், வாடகை. ஒவ்வொரு ஜாதியும் ஒரு பயணம். ஒரு ஜாதியில் முதல் சீட்டை இறக்கியதுமே வண்டி வாடகை 20 உங்கள் தலையில் ஏறிவிடும். அந்த வரிசையில் நீங்கள் இறக்கும் எண்களின் கூட்டுத்தொகைதான் வருமானம். 20-ஐத் தாண்டினால் லாபம், தாண்டாவிட்டால் நஷ்டம். தொடங்காத ஜாதிக்கு வாடகையும் இல்லை, வரவும் இல்லை.

பலர் இதைக் கடைசியில் கணக்கு போடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதுவரை புதியவர் ஐந்து ஜாதியையும் ஆசையாகத் தொடங்கியிருப்பார். பிறகு கணக்கைப் பார்த்து, "இதை முன்னாடியே சொல்லலாம்ல?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

அடுத்து, ஏறுமுகம். ஒரு வரிசையில் எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். 3-க்குப் பிறகு 7 போடலாம், இடையில் விட்டதற்குத் தண்டனை இல்லை. ஆனால் 7 போட்ட பிறகு 4, 5, 6-ஐ உங்கள் பக்கம் போடவே முடியாது.

மூன்றாவது, முறை. உங்கள் முறை வந்தால் கட்டாயம் ஒரு சீட்டை விட வேண்டும். அதை உங்கள் வரிசையில் இறக்கலாம், அல்லது அந்த ஜாதி ஏஸின் மேல் நடுவில் விடலாம். பிறகு ஒரு சீட்டு எடுக்க வேண்டும்: கவிழ்த்த கட்டிலிருந்தோ, ஐந்து ஏஸ்களில் ஏதாவது ஒன்றின் மேல் கிடக்கும் மேல் சீட்டையோ. இந்த முறையில் நீங்களே விட்ட சீட்டை அதே முறையில் திரும்ப எடுக்கக் கூடாது. போடுவது முதலில், எடுப்பது பிறகு. இந்த ஒழுங்கு மாறினால் ஆட்டத்தின் இறுக்கமே போய்விடும். கையில் இருப்பதை வைத்து முடிவெடுத்த பிறகுதான் புதுச் சீட்டு வர வேண்டும்.

நான்காவது, முடிவு. கவிழ்த்த கட்டின் கடைசிச் சீட்டை யார் எடுத்தாலும் அந்தக் கணமே ஆட்டம் முடிந்தது. கையில் மிஞ்சிய சீட்டுகளுக்கு மதிப்பு இல்லை.

இவ்வளவுதான். உத்தி எதையும் சொல்லாதீர்கள். "அதைப் போடாதே, இதைப் போடு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் அதன் பிறகு தன் ஆட்டத்தை ஆடமாட்டார். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

## 6. ஒரு ஆட்டம், சீட்டுச் சீட்டாக

நானே தோற்ற ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். ஜாக்கி, ராணி, ராஜா இல்லாத 45 சீட்டு ஆட்டம். எனக்கு விழுந்தவை: ஸ்பேடு 3, 4, 8, ஆர்ட்டின் 2, 9, கிளாவர் 6, 10, டைமன் 5.

என் முறைதான் முதல். எதையும் தொடங்க மனம் வராமல், தனியாக இருந்த டைமன் 5-ஐ நடுவில் விட்டேன். புதியவர்கள் எல்லோரும் செய்வது இதுதான்: தொடங்க பயந்து, கையில் ஒற்றையாக இருக்கும் சீட்டை விடுவது.

எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே டைமன் 2-ஐ இறக்கினார். இறக்கிவிட்டு, கட்டைத் தொடாமல் நான் விட்ட 5-ஐ எடுத்துக்கொண்டார். கையில் ஏற்கெனவே 4 இருந்திருக்கிறது.

நான் முதலில் ஸ்பேடு 3-ஐ இறக்கியிருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். கையிலேயே 3, 4, 8 இருக்கிறது, கூட்டினால் 15. வாடகையைக் கட்ட இன்னும் 5 போதும். ஸ்பேடில் 5, 6, 7, 9, 10 என ஐந்து சீட்டு இன்னும் வெளியே இருக்கின்றன. அதில் எந்த ஒன்று வந்தாலும் வாடகை தீர்ந்துவிடும். 3-ல் தொடங்குவதால் நான் இழப்பது 2 என்ற ஒரே ஒரு சின்னச் சீட்டு. இப்படி ஒரு கை கிடைத்தால் காத்திருக்கக் காரணமே இல்லை.

அடுத்த முறையில் ஸ்பேடைத் தொடங்கினேன். பிறகு கிளாவரும் ஓரளவு சேர்ந்தது. கட்டில் 8 சீட்டு மிஞ்சியபோதுதான் இரண்டாவது தவறைச் செய்தேன். கையில் ஆர்ட்டின் 2, 5, 9 இருந்தது, கூட்டினால் 16. "8 எப்படியும் வரும்" என்று நம்பி 2-ஐ இறக்கினேன். அந்த ஆர்ட்டின் 8 ஆட்டம் முடியும்வரை அவர் கையிலேயே இருந்தது. அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே பிடித்து வைத்திருந்தார்.

முடிவில் என் பக்கம்: ஸ்பேடு 3, 4, 6, 8, 9 சேர்ந்து 30, வாடகை போக 10. ஆர்ட்டின் 16, வாடகை போக நஷ்டம் 4. கிளாவர் 6, 7, 10 சேர்ந்து 23, வாடகை போக 3. மொத்தம் 9.

அவர் பக்கம்: டைமன் 2, 4, 5, 7, 8, 10 சேர்ந்து 36, வாடகை போக 16. பச்சை 3, 5, 6 சேர்ந்து 14, வாடகை போக நஷ்டம் 6. மொத்தம் 10.

ஒரு புள்ளியில் தோற்றேன். ஆர்ட்டினைத் தொடாமல் இருந்திருந்தால் எனக்கு 13. டைமன் 5-ஐ நான் கொடுக்காமல் இருந்திருந்தால் அவருக்கு 5. இரண்டில் எந்த ஒன்றைத் திருத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பேன். அவரும் பச்சையைத் தொடங்கியது தவறுதான். அதை அவரிடம் அன்று இரவே சொல்லி ஆறுதல் அடைந்தேன்.

## 7. இந்த ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டு பழக்கம்

எதை நடுவில் விடுவது என்பது முதல் பழக்கம். எதிரில் இருப்பவரால் இனி பயன்படுத்த முடியாத சீட்டுதான் பாதுகாப்பான சீட்டு. அவர் டைமனில் 7 வரை போய்விட்டார் என்றால், டைமன் 3 அவருக்கு வெறும் காகிதம். அதனால் விடும் முன் உங்கள் கையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வரிசைகளைப் பாருங்கள். அப்படிப்பட்ட சீட்டு இல்லையென்றால், ஒற்றையாக இருப்பதை விடுவதைவிட ஒரு வரிசையைத் தொடங்குவது பெரும்பாலும் மேல்.

இரண்டாவது, கட்டை எண்ணுவது. கட்டில் 10 சீட்டு மிச்சம் என்றால் உங்களுக்குச் சுமார் 5 முறைதான் பாக்கி. இறக்க வேண்டிய சீட்டு கையில் 6 இருந்தால் ஒன்று கையிலேயே செத்துவிடும். அப்போது கட்டிலிருந்து எடுக்காமல் நடுவில் கிடப்பதை எடுங்கள். அந்தச் சீட்டு உங்களுக்கு உதவாவிட்டாலும் பரவாயில்லை. கட்டு குறையாததால் உங்களுக்கு ஒரு முறை கூடுதலாகக் கிடைக்கிறது. வாங்குவது சீட்டை அல்ல, நேரத்தை. எதிரில் இருப்பவர் அவசரமாகக் கட்டிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால், அவர் கையில் இறக்க ஒன்றும் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

## 8. இரண்டாவது ஆட்டம்: பந்தயச் சீட்டைச் சேர்ப்பது

முதல் ஆட்டம் முடிந்து கணக்கு பார்த்த பிறகுதான் ஜாக்கி, ராணி, ராஜாவை உள்ளே சேர்க்க வேண்டும். வாடகை என்ன செய்யும் என்று ஒருமுறை அடிபட்டுத் தெரிந்துகொண்டவருக்கே இது புரியும்.

இவை மூன்றும் ஒரே மதிப்புள்ள பந்தயச் சீட்டுகள். ராஜா ராணியைவிட உயர்ந்தது அல்ல. இவற்றுக்கு எண் இல்லை. ஒரு ஜாதியில் எண்ணைத் தொடங்கும் முன்பே இவற்றை இறக்கிவிட வேண்டும். எண் விழுந்த பிறகு இறக்க முடியாது. ஒன்று இறக்கினால் அந்த வரிசையின் முடிவு இரட்டிப்பு, இரண்டு இறக்கினால் மும்மடங்கு, மூன்றும் இறக்கினால் நான்கு மடங்கு.

நஷ்டமும் அப்படியே பெருகும். இதுதான் சூடு. ராணியை இறக்கி 4, 6, 7, 9 போட்டால் 26, வாடகை போக 6, இரட்டித்தால் 12. அதே ராணிக்குப் பின்னால் 15 மட்டும் சேர்ந்தால் நஷ்டம் 5 இரட்டித்து 10 ஆகிவிடும். மூன்று பந்தயத்தையும் இறக்கிவிட்டு எண்ணே வராமல் போனால் நஷ்டம் 80. கீழ் வீட்டு அண்ணன் ஒருமுறை இப்படி மாட்டினார். அந்த அக்கா அதை இன்னும் மறக்கவில்லை.

கழித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். 26-ஐ முதலில் இரட்டித்து 52 ஆக்கி 20-ஐக் கழித்தால் 32 வரும். இந்தத் தவறு நடந்தால் எளிதில் கண்டுபிடிக்கலாம்: பந்தயம் கட்டியவர் எப்போதுமே ஜெயித்துக்கொண்டிருப்பார், பந்தயம் பயமே இல்லாத விஷயமாகிவிடும்.

எப்போது பந்தயம் கட்டலாம்? என் அளவுகோல் இது: பந்தயச் சீட்டைத் தவிர அந்த ஜாதியில் மூன்று எண்ணாவது கையில் இருக்க வேண்டும், அவற்றின் கூட்டு 15-ஐ ஒட்டி இருக்க வேண்டும், கட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் கட்டமாட்டேன். வேண்டாத பந்தயச் சீட்டை நடுவில் விடவும் யோசிப்பேன், எதிரில் இருப்பவர் அந்த ஜாதியை இன்னும் தொடங்கவில்லையென்றால் அவருக்கு அது பரிசு.

கூடவே ஒரு சின்ன விதி. ஒரே வரிசையில் பந்தயச் சீட்டையும் சேர்த்து 8 அல்லது அதற்கு மேல் சீட்டு இருந்தால் 20 புள்ளி கூடுதல். இது பெருக்கிய பிறகு சேர்வது. இதைப் பெருக்கக் கூடாது. ஒரு ஜாதியின் 12 சீட்டையும் ஒருவரே இறக்கினால் எண்கள் 54, வாடகை போக 34, நான்கு மடங்கு 136, கூடுதல் 20 சேர்ந்து 156. நான் பார்த்ததில்லை, யாரும் பார்க்கும் வாய்ப்பும் குறைவு.

இந்த முழு ஆட்டத்தில் 60 சீட்டில் 16 கையில் போக 44 கட்டில் இருக்கும். ஆளுக்கு 22 முறை. கொஞ்சம் நீளும், ஆனாலும் பழகினால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

## 9. கணக்கு போடுவது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிசையை மட்டும் கையில் எடுங்கள். முதலில் 20 ஆகும்வரை எண்களைத் தனியே ஒதுக்குங்கள், வாடகை கட்டியாயிற்று. மிச்சம் இருப்பதுதான் லாபம். 3, 4, 6, 8, 9 என்றால் 3, 8, 9 ஒதுக்கினால் சரியாக 20; மிச்சம் 4-ம் 6-ம் சேர்ந்து 10. மனக்கணக்கு வராதவர்களுக்கும் இந்த வழி வந்துவிடும்.

எல்லா வரிசையையும் கலைத்துக் கூட்டிவிட்டு வாடகையைக் கடைசியில் மொத்தமாகக் கழிப்பவர்கள் பந்தயம் சேர்ந்ததும் குழம்புவார்கள், ஏனென்றால் மடங்கு ஒரு வரிசைக்கு மட்டும் உரியது.

## 10. எப்போது நிறுத்துவது

ஆடத் தொடங்கும் முன்பே எண்ணிக்கையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி மூன்று ஆட்டம் ஆடி மொத்தத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் இரண்டு போதும்: பந்தயம் இல்லாமல் ஒன்று, பந்தயத்தோடு ஒன்று. சொல்லிக்கொடுக்கும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணிக்குள் அடங்கும்.

பேசி வைக்காவிட்டால் தோற்றவர் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பார். ஜெயித்தவர் கொட்டாவி விடுவார். நாங்கள் அன்றைய புள்ளியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி மறுநாளுக்கு எடுத்துச் செல்கிறோம். 30 புள்ளி பின்தங்கியவருக்கு அடுத்த நாள் உட்காரக் காரணம் கிடைத்துவிடும்.

## 11. நடுவில் ஏதோ தவறு என்று தோன்றினால்

கையை எண்ணுங்கள். முறை முடிந்ததும் கையில் எப்போதும் 8 சீட்டு இருக்க வேண்டும். 7 இருந்தால் எடுக்க மறந்துவிட்டீர்கள். உடனே கண்டுபிடித்தால் இப்போது ஒன்று எடுக்கலாம். 9 இருந்தால் போடாமல் எடுத்திருக்கிறீர்கள். பேச்சு சுவாரசியமாகப் போகும் நாட்களில் இது நடந்தே தீரும்.

இரண்டாவது வழக்கமான தவறு, எதிரில் இருப்பவரின் வரிசையில் கிடக்கும் சீட்டை எடுக்க முயல்வது. எடுக்கக் கூடியது ஏஸின் மேல் கிடப்பது மட்டுமே. அதிலும் மேல் சீட்டு மட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று கிளறிப் பார்ப்பதை நாங்கள் அனுமதிப்பதில்லை. நினைவில் வைத்திருப்பவருக்கு அந்தப் பலன் கிடைக்கட்டும் என்பது வீட்டு வழக்கம்.

## 12. இரண்டு வாரம் கழித்து அலுத்துவிட்டால்

அலுப்பு எதனால் என்று பாருங்கள். கழித்தல் கணக்கு பிடிக்கவில்லையென்றால் 'ஜெய்ப்பூர்' வாங்குங்கள். சரக்கு வாங்கி விற்கும் ஆட்டம். ஒவ்வொரு முறையும் சந்தையிலிருந்து எடுப்பது அல்லது விற்பது, இரண்டில் ஒன்று. நஷ்டம் என்ற பேச்சே இல்லை, வில்லைகளில் அச்சிட்ட ரூபாயைக் கூட்டினால் போதும். சீட்டு விழும் அதிர்ஷ்டம்தான் எரிச்சல் என்றால் 'ஹைவ்'. அதில் சீட்டும் இல்லை, பகடையும் இல்லை, பலகையும் இல்லை. அறுகோணக் காய்களால் எதிராளியின் ராணித் தேனீயைச் சுற்றி வளைக்க வேண்டும். ஆனால் அங்கே செஸ்ஸின் பிரச்சினை திரும்ப வரும்: பழகியவரே ஜெயித்துக்கொண்டிருப்பார்.

எதுவாக இருந்தாலும் இந்த 60 சீட்டைக் கலைத்து விடாதீர்கள். ரப்பர் பேண்டு போட்டால் ஓரம் வளைந்து பின்பக்கத்திலிருந்தே அடையாளம் தெரியும். மூடியுள்ள தகர டப்பாவில் ஐந்து ஏஸ்களோடு சேர்த்து வையுங்கள். இரண்டாவது கட்டில் மிச்சமுள்ள ஸ்பேடு, கிளாவர், டைமன் 39 சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அந்த மூன்று ஜாதியில் எது தொலைந்தாலும் அதே சீட்டு அங்கே இருக்கும். ஆர்ட்டினும் பச்சையும்தான் தொலைந்தால் தொலைந்தது, கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியதுதான்.